ஆம், அனுமதி பெற்றேன்

"செத்துப்போன ஒரு ஆளோட சாம்பலைத் தூக்கிட்டுப் போய் உங்க ஆலயத் தொட்டியில கரைச்சுட்டாங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள் ஜோலீன்.

ஆர்வில்லா மிக்கல்சன் அப்போது முடிதிருத்தும் கடையின் கழுவு தொட்டியில் தலையைச் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து உட்கார முடியாது. முகத்தைத் திருப்பவும் முடியாது.

"யார் சொன்னா?"

"என் நாத்தனார். அவளுக்கு அவ தோழி சொன்னாளாம். செத்தவர் பிரஸ்பிடேரியன் சபை ஆளாம், பேரு தெரியல. பொண்டாட்டி அசந்த நேரம் பார்த்து அலமாரியில இருந்த சாம்பல் ஜாடியைக் கிளப்பிட்டாங்களாம். செத்தவரை மார்மனா மாத்தறதுக்கு!" ஜோலீன் சிரித்தாள். அவளும் மார்மன் குடும்பத்தில் பிறந்தவள்தான். சபைக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடமாகிறது. "நான் சொன்னேன், அடியே, சாம்பலெல்லாம் இல்ல, செத்தவங்களுக்குப் பதிலா உயிரோட இருக்கிறவங்களைத்தான் தண்ணியில முக்குவாங்கன்னு. யார் கேக்கறா?"

"சாம்பலெல்லாம் இல்ல" என்றாள் ஆர்வில்லா.

"அதான நானும் சொன்னேன்."

அந்த வதந்தியில் ஒன்றும் உண்மை இல்லை. சாம்பலை யாரும் தொடவில்லை. ஜாடி மொரீன் ப்ரூயிட் வீட்டு அலமாரியில், மீன்பிடிப் போட்டிக் கோப்பைக்குப் பக்கத்தில், வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது ஆர்வில்லாவுக்கு நன்றாகத் தெரியும். வாரா வாரம் அந்த அலமாரிக்கு எதிரில்தான் அவள் உட்கார்ந்து வருகிறாள். ஆனால் அத்தனை பொய்க்கும் அடியில் ஒரு ஆள் இருந்தார், ஒரு தொட்டி இருந்தது, அனுமதி கேட்கப்படாத ஒரு மனைவி இருந்தாள். அந்த மூன்றும் நிஜம். அதைச் செய்தவளின் தலைக்குத்தான் ஜோலீன் இப்போது ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆர்வில்லாவுக்கு வயது அறுபத்தெட்டு. சான்பீட் பள்ளத்தாக்கில் பிறந்து, அங்கேயே வான்கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் வளர்ந்து, அங்கேயே வெர்ல் மிக்கல்சனைக் கட்டிக்கொண்டு ஆறு பிள்ளைகளைப் பெற்றவள். மலைமேல் நிற்கும் வெள்ளைக்கல் ஆலயம் அவள் சமையலறை ஜன்னலில் தெரியும். அவர்கள் திருமணத்தில், மரணம் உங்களைப் பிரிக்கும்வரை என்று யாரும் சொல்லவில்லை. காலத்துக்கும் நித்தியத்துக்கும் என்று சொல்லித்தான் அந்த ஆலயத்துக்குள் இருவரையும் ஒருவருக்கொருவர் முத்திரித்தார்கள். அப்படி முத்திரிக்கப்பட்டவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள், பிறக்கும்போதே பெற்றோரோடு கட்டப்பட்டவர்கள். அந்தப் பெற்றோர் அவர்களுடைய பெற்றோரோடு, அவர்கள் இன்னும் பின்னால் உள்ளவர்களோடு. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி அங்கே தொங்கும். ஆர்வில்லாவின் வாழ்க்கையில் பாதி அந்தக் கண்ணிகளைத் தேடுவதில் கழிந்தது.

பதினான்கு வருடமாக அவள்தான் வார்டில், அதாவது அவர்கள் பகுதிச் சபையில், குடும்ப வரலாற்று ஆலோசகர். முன்னோர் பிறந்த டென்மார்க்கின் பழைய கோயில் பதிவேடுகளைப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் ஒரு பாதிரியார் எழுதி வைத்த ஞானஸ்நானத் தேதியைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனாலும் விடமாட்டாள். தெரியாத தேதியை உத்தேசமாகக்கூடப் போடமாட்டாள். "செத்தவங்க வந்து திருத்த முடியாது. அதனால நாமதான் சரியா எழுதணும்" என்று வகுப்பில் சொல்வாள். அப்படிப்பட்டவள்தான் போன ஏப்ரலில் கணினித் திரையில் ஒரு சிறிய கட்டத்துக்குள் பொய்யாக ஒரு டிக் போட்டாள்.

மொரீனும் ரஸ்ஸும் பக்கத்து வீடு. முப்பத்தொரு வருடம். ரஸ் ப்ரூயிட் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், பிரஸ்பிடேரியன் சபையில் மூப்பர். ஊரில் அந்தச் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தால் அதிகம். வெர்லுக்கும் ரஸ்ஸுக்கும் மீன்பிடிக்கும் ஏரிதான் சபை. ஆர்வில்லாவின் மகன் கெண்டல், ரஸ்ஸின் ஒரே மகள் காரினைக் காதலித்தபோது இரண்டு வீட்டிலும் சமையலறை விளக்கு அணையாமல் எரிந்தது. காரின் கடைசியில் மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றாள். கைக்குழந்தையாக அவள் தன் சபையில் பெற்றிருந்தது செல்லாது, அதைக் கொடுத்தவருக்கு அதிகாரம் இல்லை என்பது மார்மன்களின் நிலை. அப்போஸ்தலர்களோடு பூமியைவிட்டுப் போன அதிகாரம் தங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வழியாகத்தான் திரும்பி வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. "அப்ப பதினெட்டு நூற்றாண்டா கடவுள் லீவுல இருந்தாரா?" என்று ரஸ் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். கோபமாக அல்ல. அவர் கோபமாக எதையும் கேட்டதில்லை.

வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருவரும் வாதாடியதெல்லாம் ஆர்வில்லாவுக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் ரஸ்ஸுக்கு மார்மன் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். அதை முழுக்கப் படித்துவிட்டு, ஓரமெல்லாம் பென்சிலால் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"பைபிளோட கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருக்கு ஆர்வில்லா? இதோட எதையும் கூட்டாதேன்னு. நீங்க ஒண்ணு இல்ல, மூணு புத்தகத்தைக் கூட்டி வச்சிருக்கீங்க."

"உபாகமத்துல மோசேயும் அதையேதான் சொல்றார். அப்படிப் பார்த்தா அங்கயே நிறுத்தியிருக்கணுமே. ஏசாயாவை யார் கூட்டினது?"

ரஸ் கைதட்டினார். "ஒரு பாயிண்ட் உனக்கு!"

பைபிளை ஆர்வில்லாவும் தேவ வார்த்தை என்றே நம்பினாள், சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் அளவுக்கு. ரஸ்ஸுக்கு அந்தக் கடைசிச் சொற்கள்தான் பல்லில் மாட்டிய முள். அவருக்குப் பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் ஒரே கடவுள். அவளுக்கு அவர்கள் நோக்கத்தில் ஒன்றான மூன்று தனி ஆட்கள், பிதாவுக்குச் சதையும் எலும்புமாக உடல் உண்டு. அவருக்கு மீட்பு முழுக்க முழுக்கக் கிருபை. அவளுக்குக் கிருபைதான் என்றாலும் உடன்படிக்கைகளும் சடங்குகளும் கட்டளைகளைக் கைக்கொள்வதும் சேரவேண்டும். இறந்தபின் என்ன என்ற பேச்சு ஒரு கோடையில், கரி அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது வந்தது.

"உங்க மோட்சம் மூணு மாடி ஓட்டல் மாதிரியாமே. எனக்கு எந்த மாடி போட்டிருக்க?"

சூரிய மகிமை, சந்திர மகிமை, நட்சத்திர மகிமை என்று மூன்று. அவள் பொய் சொல்லத் தெரியாதவள், அப்போது. "ரெண்டாவது. நல்லவங்க, ஆனா முழுசா ஏத்துக்காதவங்க. அங்க குமாரன் வருவார். பிதா வரமாட்டார்."

"அங்க மீன் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம்னு நினைக்கிறேன்."

"அப்ப சரி. அங்கயே விட்டுடு. செத்த பிறகு என் பேரை வச்சு யாரையும் முக்கிடாத, புரியுதா? தலை நனைஞ்சா எனக்கு ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் கண் மட்டும் சிரிக்கவில்லை என்பதை அவள் அன்றே பார்த்தாள். பார்த்ததை ரஸ் போன அக்டோபரில் இறந்த பிறகு மறந்துவிட்டாள். மறந்தாள் என்பதுகூடச் சரியில்லை, எடுத்து ஓரமாக வைத்தாள்.

இறுதிச் சடங்கு முடிந்த குளிர்காலத்தில் காரின் வந்து ஆர்வில்லாவின் சமையலறையில் அழுதாள். "என் பிள்ளைங்க என்னோட கட்டப்பட்டிருக்காங்க. நான் யாரோட கட்டப்பட்டிருக்கேன், அம்மா? எனக்குப் பின்னால யாரும் இல்லையே." காரின் மாமியாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "அப்பாவுக்காக ஆலயத்துல செய்யலாமான்னு என்னைப் பெத்தவகிட்ட கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

"நான் கேக்கறேன்" என்றாள் ஆர்வில்லா.

கேட்கத்தான் போனாள். நான்கு முறை போனாள். ஒவ்வொரு முறையும் மொரீன் அவளுக்கென்றே வாங்கி வைத்திருக்கும் புதினா இலையைக் கொதிநீரில் போட்டுக் கொடுத்தாள், காபியும் தேயிலையும் ஆர்வில்லா தொடமாட்டாள் என்பதால். ஒவ்வொரு முறையும் பேச்சு வேறெங்கோ போயிற்று. ஐந்தாம் முறை அவள் அங்கே போகவில்லை, கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

இறந்தவருக்காக ஞானஸ்நானம் செய்யும் விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. நூற்றுப்பத்து வருடத்துக்குள் பிறந்தவர் என்றால், உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவின் அனுமதி வேண்டும். மனைவி இருந்தால் மனைவி. அவளுக்கு அப்புறம்தான் பிள்ளைகள். மகளின் ஆசை போதாது. திரை கேட்டது. அவள் "ஆம், அனுமதி பெற்றேன்" என்ற கட்டத்தில் அம்புக்குறியை வைத்தாள். சுட்டியை அழுத்திய சத்தம் கேட்டு வெர்லின் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மே மாதம் ஆலயத்தில் வெர்ல்தான் ரஸ்ஸுக்குப் பதிலாள். இறந்தவர் ஆண் என்றால் ஆண்தான் நிற்கவேண்டும். பன்னிரண்டு எருதுச் சிலைகளின் முதுகில் அமர்ந்த அந்தத் தொட்டியில் வெள்ளை உடையோடு இறங்கி நின்றார். ஆர்வில்லா சாட்சியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆலய ஊழியர் வலது கையை உயர்த்தி, மரித்தவரான ரஸ்ஸல் ஆல்டன் ப்ரூயிட்டுக்காகவும் அவர் சார்பாகவும் என்று சொல்லி வெர்லை முழுக்கினார். வெர்ல் பெரிய உடம்புக்காரர். இடது கால் விரல் வெளியே எட்டிப் பார்த்தது. உடலில் எந்தப் பகுதியும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் சொல்வதுதான் சாட்சியின் வேலை.

"கால் விரல்" என்றாள் ஆர்வில்லா. மறுபடி முழுக்கினார்கள். கால் விரலுக்கு அவ்வளவு நேர்மையாக இருந்தாள்.

வெளியே வந்து ஈரத் தலையைத் துடைத்தபடி வெர்ல் அழுதார். "கிழவன் அங்க சிரிச்சிருப்பான். மொரீன் ஒத்துக்கிட்டது பெரிய மனசு."

"ம்" என்றாள்.

முடிதிருத்தும் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் வெர்லைத்தான் முதலில் பிடித்தாள். அவர் கொட்டகையில் குறடு வைத்துக் குழாய் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ரஸ் விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"தீவனக் கடையில சொன்னேன். ஏன்? நல்ல விஷயம்தானே."

"ஊரெல்லாம் சாம்பலைக் கரைச்சுட்டோம்னு பேசறாங்க."

வெர்ல் வாய்விட்டுச் சிரித்தார். "சாம்பலா! இரு, மொரீன்கிட்ட சொல்லிட்டு வரேன், அவ விழுந்து விழுந்து சிரிப்பா." குறட்டைக் கீழே வைத்துவிட்டு வேலிப்பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"போகாதீங்க."

அவர் நின்றார். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவர். அவள் குரலில் என்ன கேட்டதோ, திரும்பி வந்து கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"நீ கேக்கலையா?"

அவள் தலை குனிந்தாள்.

"என்னைத் தண்ணியில இறக்கிவிட்டியே ஆர்வில்லா" என்றார் வெர்ல். "அவன் பேரைச் சொல்லி." அவ்வளவுதான் சொன்னார். குறட்டை எடுத்துக்கொண்டு மறுபடி குழாய்க்குத் திரும்பினார். திருக ஒன்றும் மிச்சமில்லாத குழாயை வெகுநேரம் திருகினார்.

அன்று மாலை அவளுக்குப் பிஷப்போடு நேர்காணல் இருந்தது. ஆலயத்துக்குள் போக வைத்திருக்கும் அனுமதிச் சீட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பிஷப் என்றால் அங்கியும் மோதிரமும் இல்லை. சம்பளமும் இல்லை. தேய்ன் ஆலர்ட்டன் பகலில் வான்கோழி வளர்ப்பவர், முப்பத்தொன்பது வயது. குழந்தைகள் வகுப்பில் அவருக்குப் பாடம் எடுத்ததே ஆர்வில்லாதான். நேர்மை என்ற பாடத்துக்கு அட்டையில் ஒரு தராசு வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னாள். தேய்ன் தராசு முழுக்க ஊதா அடித்தான்.

நீலக் கழுத்துப்பட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் வழக்கமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை நம்புகிறீர்களா? ஆம். சுவிசேஷம் திரும்பக் கொடுக்கப்பட்டது என்று சாட்சி உண்டா? ஆம்.

"எல்லாத்துலயும் நேர்மையா இருக்க முயற்சி பண்றீங்களா, சிஸ்டர் மிக்கல்சன்?"

இந்தக் கேள்விக்கு அவள் வாழ்நாளில் எத்தனையோ முறை ஆம் சொல்லியிருக்கிறாள். யோசித்ததே இல்லை.

"இல்ல, பிஷப்."

அவர் பேனாவை மூடினார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. சொல்லும்போது அவள் மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியைத்தான் பார்த்தாள். அதிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அழுதால் அவர் ஆறுதல் சொல்வார். அது வேண்டாம் என்றிருந்தது.

"அதை ரத்து பண்ண முடியுமா?"

"ஞானஸ்நானம் பதிவாயிடுச்சு. மிச்சத்தை நிறுத்தலாம், மேல எழுதறேன். ஆனா உங்களுக்கே தெரியும், அது அவருக்கு ஒரு வாய்ப்புதான். வேண்டாம்னா அவரே அங்க மறுத்துடலாம். யாரையும் வலுக்கட்டாயமா மார்மன் ஆக்கறதில்ல. இதெல்லாம் நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது."

"தெரியும்."

"தெரிஞ்சவங்கதான் இதைச் செய்ய முடியும்" என்றார் தேய்ன். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகி, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "இப்ப என்னால கையெழுத்துப் போட முடியாது. முதல்ல மொரீன்கிட்ட போங்க. ஞாயித்துக்கிழமை அவங்க சபையில யாராவது சொல்லி அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

மறுநாள் காலை சுக்கினிக் காய் போட்டுச் செய்த ரொட்டியோடு வேலியைத் தாண்டினாள். ஆகஸ்டில் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோர் தோட்டத்திலும் சுக்கினி காய்த்துத் தள்ளும். சபைக்கூடத்து வாசலில் காரைப் பூட்டாமல் விட்டால் திரும்பி வருவதற்குள் யாராவது பின்சீட்டில் ஒரு பை போட்டுவிடுவார்கள். பாதி வழியில் கையிலிருந்த ரொட்டி அவளுக்கு அருவருப்பாக இருந்தது. திரும்பிப் போய் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள்.

மொரீன் கதவைத் திறந்தாள். எழுபத்து மூன்று வயது, நேராக நிற்பவள். ஆர்வில்லாவின் கையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ரொட்டி இல்லையா?"

"இல்ல."

"அப்ப சொல்லத்தான் வந்திருக்க. உள்ள வா."

சமையலறையில் கெட்டில் ஏற்கெனவே சூடாக இருந்தது. மொரீன் தனக்குக் காபியும் அவளுக்குப் புதினாவும் ஊற்றி எதிரே வைத்தாள். ஜாடி அலமாரியில் இருந்தது.

ஆர்வில்லா சொன்னாள். கட்டம், டிக், தொட்டி, வெர்ல், ஒன்றையும் விடாமல்.

"மூணு வாரமா எனக்குத் தெரியும்" என்றாள் மொரீன். "ரஸ் பிறந்தநாளுக்கு காரின் போன் பண்ணினா. அப்பாவுக்காக இதுக்கு ஒத்துக்கிட்டதுக்கு நன்றிம்மான்னு சொன்னா. எதுக்குடின்னு கேட்டேன். பாவம், அவளுக்கு உயிரே போயிடுச்சு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீயே வந்து சொல்றியான்னு பார்க்கலாம்னு."

மூன்று வாரம். மூன்று ரொட்டி. ஒவ்வொன்றையும் மொரீன் வெட்டி, வெண்ணெய் தடவி, நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தின்றிருந்தாள். ஆர்வில்லாவுக்குக் காது மடல்வரை எரிந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. உன் நம்பிக்கைப்படி ரஸ் இப்ப எங்க இருக்கார்?"

"ஆவிகளோட உலகத்துல. அங்க சுவிசேஷம் சொல்லுவாங்க. ஏத்துக்கிட்டா, இங்க அவருக்காகச் செஞ்சது செல்லும். இல்லன்னா இல்ல."

"என் நம்பிக்கைப்படி அவர் கிறிஸ்துவோட இருக்கார். பாக்கி ஒண்ணும் இல்ல. எட்டு வாரக் குழந்தையா இருக்கும்போது தலையில தண்ணி ஊத்தினாங்க, அது ஒரு தடவை போதும். சிலுவையில முடிஞ்சுதுன்னு சொன்னாரே, அதுக்கு என்ன அர்த்தம்? வெர்ல் போய் முங்கி எழுந்தாதான் முடியும்னா?" மொரீன் கோப்பையைச் சுற்றினாள். "எங்க பக்கமும் யோக்கியம்னு சொல்ல வரல. நாளைக்கு வெர்ல் எங்க சபைக்கு வந்தா நாங்களும் உங்க ஞானஸ்நானத்தை ஒத்துக்கமாட்டோம், மறுபடி தண்ணிதான். ஆனா வெர்ல் உயிரோட நின்னு, சரின்னு சொல்லணும்."

"பவுல் எழுதியிருக்கார், மரிச்சவங்களுக்காக ஞானஸ்நானம்…"

"ஆர்வில்லா. இன்னைக்கு வேண்டாம்."

அவள் நிறுத்தினாள். பழக்கம் தானாக வாய்க்கு வந்ததை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஞானஸ்நானம் ஆச்சு. அடுத்தது என்ன?"

"திடப்படுத்தறது, தலையில கை வச்சு சபையில சேர்க்கறது. அது அன்னைக்கே ஆயிடுச்சு. அப்புறம் ஆலயத்துல உடன்படிக்கைகள். அப்புறம் அவரோட அப்பா அம்மாவோட முத்திரிக்கிறது. அப்புறம்…"

"அப்புறம்?"

"மனைவியோட."

"நான்தான் உங்க சபையில இல்லையே."

"இல்ல."

"வரவும்மாட்டேன்."

"தெரியும்."

"அப்ப காரின் ஆசைப்படற சங்கிலி முழுசாகணும்னா" என்று மொரீன் மெதுவாகச் சொன்னாள், "நான் சாகணும். அப்படித்தானே? செத்து ஒரு வருஷம் காத்திருக்கணும்னு யாரோ சொன்னாங்க."

"இப்ப முப்பது நாள் போதும்" என்றாள் ஆர்வில்லா.

சொன்ன அடுத்த கணமே அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். பதினான்கு வருடம் தவறான தகவலைத் திருத்தியே பழகிய வாய். மொரீன் சிரித்தாள். ஒரே ஒரு மூச்சு நீளத்துக்கு. பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே எங்கோ கெட்டிப்பட்டது.

"முப்பது நாள். சரி. தெரிஞ்சு வச்சிருக்கறது நல்லதுதான்."

"மொரீன், நான் உன்னைச் சாகச் சொல்லி…"

"சொல்லல. காத்துட்டிருந்த. ரொட்டி கொண்டுவந்துட்டு." அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அங்கிருந்தும் ஆலயம் தெரியும். ஊரில் எங்கிருந்தும் தெரியும். "பன்னெண்டு வருஷம் முன்னால காரின் கல்யாணத்தன்னைக்கு நானும் ரஸ்ஸும் அந்த ஆலயப் புல்வெளியில உக்காந்திருந்தோம். பெத்த பொண்ணு உள்ள கல்யாணம் பண்ணிக்கிறா, உங்க சபை ஆளுங்க இல்லன்னு எங்களை உள்ள விடல, நாங்க வெளிய பூச்செடி பார்த்துட்டு. நீ வெளிய வந்து என் கையைப் பிடிச்ச. வருத்தப்படாத, மொரீன்னு சொன்ன. ரஸ் என்ன பண்ணினார் தெரியுமா? கைதட்டினார். பொண்ணு கதவைத் திறந்துட்டு வந்தப்ப எழுந்து நின்னு கைதட்டினார். இப்ப அவர் பேரை மட்டும் உள்ள கொண்டுபோயிட்ட. நான் இன்னும் புல்வெளியிலதான்."

ஆர்வில்லாவின் புதினாத் தண்ணீர் ஆறிப் போயிருந்தது.

"அன்னைக்குக் கரி அடுப்புக்கிட்ட அவர் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். வயதாகிவிட்டது, யாரும் நம்புவார்கள்.

"இருக்கு" என்றாள். "கேலி பண்ணினார்னு வச்சுக்கிட்டேன். கேலி இல்லன்னு அன்னைக்கே தெரியும்."

மொரீன் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "நிறுத்து. அவர் பேருல இனிமே ஒண்ணும் நடக்கக்கூடாது. என் பேருல எப்பவுமே கூடாது. முப்பது நாள் கழிச்சும், முப்பது வருஷம் கழிச்சும். எழுதி வை. உன் பிள்ளைங்களுக்கும் சொல்லிவை. இப்ப நீ போ. வீட்டுக்கு வராத. வேணும்னா போன் பண்ணு. எடுக்கத் தோணினா எடுக்கறேன்."

ஆர்வில்லா வீட்டுக்கு வந்து ஆலயச் சடங்குகளைக் குறித்து வைக்கும், நீலக் கோடு போட்ட அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். ரஸ்ஸல் ஆல்டன் ப்ரூயிட். முதல் இரண்டு வரிக்கு எதிரே தேதி விழுந்திருந்தது. மற்றவை காலி. கணினியில் மிச்சச் சடங்குகளை விடுவித்தாள். அட்டையை நாலாகக் கிழித்தாள். முதல் இரண்டு தேதிகள் மட்டும் எங்கோ மாறாமல் இருக்கும், கிழிக்க முடியாது. பிறகு காகிதம் எடுத்து ஆறு பிள்ளைகளுக்கும் ஆறு கடிதம் எழுதினாள்: மொரீன் ப்ரூயிட்டின் பெயரை நம் குடும்பத்தில் யாரும், எப்போதும், எந்தச் சடங்குக்கும் எடுக்கக்கூடாது. கெண்டலுக்கும் காரினுக்கும் எழுதியதில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: ரஸ் விஷயத்தில் நான் பொய் சொன்னேன்.

எழுதி முடித்து உறையை ஒட்டும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல் எழும்பியது. பரவாயில்லை, கிறிஸ்து திரும்பி வந்து ஆளும் ஆயிரம் வருடத்தில் விட்டுப்போனதெல்லாம் செய்து முடிக்கப்படும், யாராவது செய்வார்கள். அவள் கை உறைமேல் நின்றது. இப்போதுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் இன்னொரு வழியாகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த நம்பிக்கையை அவளால் விடமுடியாது. அதை விட்டால் அவளிடம் வெர்லும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, டென்மார்க்கின் அத்தனை பெயர்களும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையின் ஓரத்தில் தோழியின் சாவு உட்கார்ந்திருக்கிறது, அதையும் அவள் பார்த்துவிட்டாள். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் மேசைமேல் தலை கவிழ்ந்தாள்.

வெர்ல் கடிதங்களைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். ரஸ்ஸோடு போகும் ஏரிக்கு அந்த வாரமும் தனியாகவே போனார்.

சனி போயிற்று. ஞாயிறன்று மதியம் பிரஸ்பிடேரியன் சபையிலிருந்து மொரீனின் கார் திரும்பி வந்தது. சாம்பல் கதை அங்கே வந்ததா, வந்தபோது அவள் என்ன சொன்னாள், ஆர்வில்லாவுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு மொரீன் தோட்டத்துக்கு வந்து, வைக்கோல் தொப்பியோடு தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஆர்வில்லா சமையலறை ஜன்னலருகில் போனாள். மூன்று நாளாக அதன் திரைச்சீலை மூடியே இருந்தது. அதை முழுக்க ஒதுக்கினாள். போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். என்ன சொல்லவேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அதில் பாதி விளக்கம். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

திறந்த ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுத் தோட்டத்தில் மணி அடிப்பது கேட்டது. மொரீன் சணல் கயிறைப் பல்லில் கடித்தபடி, ஏப்ரன் பையிலிருந்து போனை வெளியே எடுத்தாள். தொப்பியைப் பின்னால் தள்ளிப் பெயரைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து வேலிக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தாள்.

ஆர்வில்லா நகரவில்லை. காதில் போன் வைத்தபடி அப்படியே நின்றாள். மொரீனின் உள்ளங்கையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.